தலையில் பழசு, வாலில் புதுசு

கீழே உள்ள பத்தியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பொருளாதாரக் கட்டுரைகளின் மொழிபெயர்ப்பில் அடிக்கடி தட்டுப்படும் நடையில், இந்தக் கட்டுரைக்காக நானே எழுதியது. விஷயம், டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய குத்தகைக் கோட்பாடு.

“நில உரிமையாளருக்குச் செல்லும் குத்தகையின் தோற்றுவாய், நிலங்களுக்கு இடையிலான விளைதிறன் வேறுபாடு என்பது ரிக்கார்டோவின் கருத்து. தரம் குறைந்த நிலங்களிலும் உழவு தொடங்கப்படுவது, மக்கள்தொகைப் பெருக்கத்தால் தானியத் தேவை உயரும்போதுதான். கூடுதல் உழைப்பும் முதலும் ஒரு மூட்டை தானியத்துக்குத் தேவைப்படும் நிலை அங்கே நிலவுகிறது. கடைசியாக உழவுக்கு வந்த நிலத்தின் உற்பத்திச் செலவே சந்தை விலையைத் தீர்மானிக்கிறது. உழவர்களுக்கு இடையிலான போட்டி, செலவுக்கு மேல் நல்ல நிலத்தில் மிஞ்சும் தொகையை நிலக்கிழாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விலை உயர்வுக்கு வாரம் காரணம் என்ற பரவலான நம்பிக்கை இதனால் தலைகீழாகிறது.”

இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அகராதியைப் புரட்ட வைக்கும் சொல்லும் இல்லை. உழவு, மூட்டை, விலை, போட்டி என்று எல்லாமே புழங்கும் சொற்கள்தான். ஆனாலும் நான்காவது வாக்கியத்தில் கண் தானாகப் பின்னால் போகிறது. ஆறாவதை முடித்ததும் என்ன படித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. இப்படி நேரும்போது வாசகர் எழுதியவரைக் குறை சொல்வதில்லை. “தியரி என்றாலே இப்படித்தான்” என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்.

கோட்பாடு உண்மையில் அவ்வளவு கடினமானதல்ல. நல்ல நிலத்தில் ஒரு மூட்டை தானியம் விளைவிக்க 1,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். உழவருக்கு நியாயமாகக் கிடைக்கவேண்டிய லாபமும் அதற்குள் அடக்கம். மட்டமான நிலத்தில் அதே மூட்டைக்கு 1,400 ரூபாய் பிடிக்கிறது. ஊருக்கு இரண்டு நிலத்தின் விளைச்சலும் வேண்டும். அப்படியானால் சந்தையில் விலை 1,400-க்குக் கீழே நிற்க முடியாது. நின்றால் மட்டமான நிலத்துக்காரர் உழவை விட்டுவிடுவார். நல்ல நிலத்து மூட்டையும் அதே 1,400-க்கு விற்கும். அங்கே 400 ரூபாய் மிஞ்சும். அந்த நிலத்தைக் குத்தகைக்குப் பிடிக்க நான்கு பேர் போட்டி போடுவார்கள், 400 ரூபாய் நிலக்காரர் கைக்குப் போய்விடும். விஷயம் இவ்வளவுதான். இதை ஏன் மேலே உள்ள பத்தி நம்மிடம் சேர்க்கவில்லை?

ஒவ்வொரு வாக்கியமும் எந்தச் சொற்களோடு தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். முதல் வாக்கியம் குத்தகையில் தொடங்குகிறது. அடுத்தது தரம் குறைந்த நிலத்தில். மூன்றாவது கூடுதல் உழைப்பிலும் முதலிலும். நான்காவது “கடைசியாக உழவுக்கு வந்த நிலம்” என்ற புது ஆளோடு. ஐந்தாவது போட்டியோடு. ஆறாவது விலை உயர்வோடு. ஒவ்வொரு முறையும் வாசகர் ஒரு புதிய வாசலில் நிறுத்தப்படுகிறார். முன்பு படித்ததற்கும் இதற்கும் என்ன உறவு என்று அவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கடைசியாக உழவுக்கு வந்த நிலம்தான் இரண்டாவது வாக்கியத்தில் பார்த்த தரம் குறைந்த நிலம் என்று பத்தி எங்கும் சொல்லவில்லை. எழுதியவருக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது.

வாக்கியத்தின் தொடக்கத்தில் வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைக்க வேண்டும். புதியதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். அடுத்த வாக்கியம் எழுதும்போது, சற்றுமுன் புதிதாக வந்தது இப்போது பழசாகியிருக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டு வாலில் இன்னொரு புதியதைக் கொண்டுவரலாம். நம் வீட்டுப் பாட்டிகள் கதை சொன்னது இப்படித்தான். “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணு. மூணாவது பொண்ணுக்கு மட்டும் ராத்திரியில தூக்கமே வராதாம்.” ராஜா முதல் வாக்கியத்தின் வாலில் வந்து, இரண்டாவதன் தலைக்குப் போகிறார். பெண்கள் இரண்டாவதன் வாலில் வந்து, மூன்றாவதன் தலைக்குப் போகிறார்கள். “மூன்றாவது பெண்ணுக்குத் தூக்கம் வராத ராஜா ஒருவர் ஒரு ஊரில் இருந்தார்” என்று எந்தப் பாட்டியும் தொடங்கியதில்லை. அப்படித் தொடங்குவது கோட்பாட்டுக் கட்டுரை எழுதுகிறவர்கள்தான்.

இதை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர்களில் முன்னோடி ஹென்ரி வெய்ல். பழைய மொழிகளின் சொல்வரிசையையும் புதிய ஐரோப்பிய மொழிகளின் சொல்வரிசையையும் ஒப்பிட்டு 1844-இல் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். வாக்கியத்துக்கு இலக்கண வரிசை ஒன்று உண்டு, எண்ணம் நகரும் வரிசை வேறொன்று உண்டு, எண்ணம் தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கி நகர்கிறது என்றார். 1926-இல் பிராக் நகரில் மொழியியலாளர் வட்டம் ஒன்று உருவானபோது, அதன் முன்னணியில் இருந்த விலெம் மதேசியுஸ் இந்தக் கருத்தை எடுத்து வளர்த்தார். அவருக்குத் தாய்மொழி செக், பாடம் நடத்தியது ஆங்கிலம். செக் மொழியில் வேற்றுமை உருபுகள் இருப்பதால் சொற்களை இடம் மாற்றலாம். யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பது குழம்பாது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. அங்கே எழுவாய் முன்னால்தான் நிற்க வேண்டும். செயப்படுபொருள் வாசகருக்குத் தெரிந்த விஷயமாக இருந்து, அதை முன்னால் கொண்டுவர வேண்டுமானால், வாக்கியத்தையே செயப்பாட்டு வினைக்கு மாற்றித்தான் கொண்டுவர முடியும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு முக்கியமான இடம் இது. நமக்கும் செக் மொழிக்காரர்களின் வசதி உண்டு. மாமா உங்களுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார் என்று வையுங்கள். “இந்தப் புத்தகத்தை யார் கொடுத்தது?” என்று ஒருவர் கேட்டால், “இந்தப் புத்தகத்தை மாமா கொடுத்தார்” என்போம். “மாமா என்ன கொடுத்தார்?” என்று கேட்டால், “மாமா இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார்” என்போம். சொற்கள் அவையேதான், வரிசைதான் வேறு. கேள்வியில் இருந்தது முன்னால் போகிறது. கேள்விக்குப் பதிலானது வினைச்சொல்லுக்குச் சற்று முன்னால் வந்து உட்காருகிறது. தமிழில் கடைசி நாற்காலி வினைச்சொல்லுக்கு ஒதுக்கப்பட்டது என்பதால், புதிய செய்திக்கு அதற்கு முந்தின நாற்காலி. ஒரு ‘ஐ’ உருபு இருந்தால் செயப்படுபொருள் எங்கே வேண்டுமானாலும் போகும். செயப்பாட்டு வினையை அழைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை.

ஆனால் நம் கோட்பாட்டு எழுத்தில் ‘படுகிறது’, ‘பட்டுள்ளது’ மலிந்து கிடக்கிறது. “கூடிய தேவை தரம் குறைந்த நிலங்களால் ஈடுகட்டப்படுகிறது” என்று எழுதுகிறோம். மூல ஆங்கிலத்தில் அந்தச் செயப்பாட்டு வினை ஒரு காரியத்துக்காக வந்தது: தெரிந்ததை முன்னால் வைக்க. அந்தக் காரியத்தைத் தமிழ் ‘கூடிய தேவையை’ என்று ஒரு உருபைப் போட்டு முடித்துவிடுகிறது. “கூடிய தேவையைத் தரம் குறைந்த நிலங்கள் ஈடுகட்டுகின்றன.” கருவியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, அது எதற்கு என்பதை மறந்துவிட்டோம்.

இன்னொரு இடமும் இருக்கிறது. “விலையைத் தீர்மானிப்பது அந்தச் செலவுதான்” என்பது போன்ற வாக்கியம். வினையை ‘தீர்மானிப்பது’ என்று பெயராக்கி முன்னால் அனுப்பிவிட்டு, புதியதை வாக்கியத்தின் நுனியிலேயே நிறுத்துவது. நல்ல உத்திதான். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முன்னால் போகிற பகுதி வாசகருக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். “கண்ணாடியை உடைத்தது யார்?” என்று கேட்டால், கண்ணாடி உடைந்த சங்கதி கேட்கிறவருக்கும் தெரியும் என்று பொருள். நம் மோசமான பத்தியின் இரண்டாவது வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். “தரம் குறைந்த நிலங்களிலும் உழவு தொடங்கப்படுவது… தேவை உயரும்போதுதான்.” தரம் குறைந்த நிலத்தில் உழவு தொடங்கும் என்று வாசகரிடம் யாரும் அதுவரை சொல்லவே இல்லை. சொல்லாததைச் சொன்னதாகப் பாவித்து வாக்கியம் தொடங்குகிறது. எதையோ தவறவிட்டோமோ என்று வாசகர் மேலே போய்த் தேடுகிறார். அங்கே ஒன்றும் இல்லை.

இந்தத் தேடல் வெறும் மனப்பிரமை அல்ல, கடிகாரத்தில் தெரிகிற ஒன்று. சூசன் ஹவிலண்ட், ஹெர்பர்ட் கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், மக்களுக்கு இரண்டிரண்டு வாக்கியங்களைக் காட்டினார்கள். இரண்டாவது வாக்கியம் புரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டாவது வாக்கியம் எப்போதும் ஒன்றே: பியர் சில்லென்று இல்லை என்ற செய்தி. முதல் வாக்கியத்தில் கார் டிக்கியிலிருந்து பியரை எடுத்ததாகச் சொன்னால், சட்டென்று புரிந்தது. பியர் என்று சொல்லாமல், உல்லாசப் பயணத்துக்குக் கொண்டுவந்த சாமான்களைச் சரிபார்த்ததாகச் சொன்னால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி தாமதம். சாமான்களில் பியரும் இருந்திருக்கும் என்று மனம் ஒரு சின்னப் பாலம் கட்டிக்கொள்ள எடுத்த நேரம் அது. ஐந்தில் ஒரு வினாடி அற்பம்தான். பியர் போன்ற விஷயத்துக்கு அவ்வளவு. ‘உற்பத்திச் செலவு’, ‘முதல்’, ‘போட்டி’ என்று அருவமாக வரும்போது, வாக்கியத்துக்கு ஒரு பாலம் கட்டச் சொன்னால், நான்காவது பாலத்தில் வாசகர் வேலையை விட்டுவிடுகிறார்.

அதே ஆய்வில் இன்னொன்றும் பார்த்தார்கள். முதல் வாக்கியத்தில் ஒருவருக்குப் பியர் ரொம்பப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டாவதைக் காட்டினார்கள். பியர் என்ற சொல் முன்பே வந்துவிட்டது. ஆனாலும் தாமதமாயிற்று. ஏனென்றால் சொல்தான் வந்திருந்தது, பொருள் வரவில்லை. கண்முன் எந்தப் பியரும் இல்லை. ஆகவே ‘முந்தைய வாக்கியத்தின் சொல்லைத் திரும்பப் போடு’ என்று இதை ஒரு சூத்திரமாக்கிக்கொண்டால் பயனில்லை. திரும்ப வர வேண்டியது வாசகர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிற அந்தப் பொருள்.

இப்போது ரிக்கார்டோவின் பத்தியைத் திருத்தி எழுதலாம். திருத்தும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, எங்கே தொடங்குவது என்பது. மோசமான பத்தி குத்தகையில் தொடங்கியது, ஏனென்றால் எழுதியவருக்கு அதுதான் முக்கியம். வாசகருக்கோ அதுதான் தெரியாதது. வாசகருக்கு எதுவும் சொல்லாமலே புரிகிற இடம், மக்கள் பெருகினால் சாப்பாடு அதிகம் வேண்டும் என்பது. அங்கிருந்து போவோம்.

“மக்கள்தொகை பெருகினால் தானியத்தின் தேவை கூடுகிறது. கூடிய தேவையை நல்ல நிலங்களால் மட்டும் ஈடுகட்ட முடியாமல், உழவு தரம் குறைந்த நிலத்துக்கும் போகிறது. தரம் குறைந்த நிலத்தில் ஒரு மூட்டை தானியம் விளைவிக்க உழைப்பும் முதலும் அதிகம் செலவாகும். இந்த அதிகச் செலவு விலையில் திரும்பக் கிடைத்தால்தான் அந்த நிலத்தை யாராவது உழுவார்கள். ஆகவே தேவை இருக்கிற வரைக்கும் சந்தை விலை அந்தச் செலவின் அளவுக்கு ஏறி நிற்கிறது. ஏறிய விலைக்கே நல்ல நிலத்தின் மூட்டையும் விற்கிறது. அங்கே செலவு குறைவு என்பதால் ஒரு தொகை மிஞ்சுகிறது. மிஞ்சிய தொகை உழவரின் கையில் தங்குவதில்லை. நல்ல நிலத்தைப் பிடிக்க உழவர்கள் போட்டி போடுவதால் அது நிலக்காரருக்குப் போய்ச் சேர்கிறது. நிலக்காரருக்குப் போகும் இந்தத் தொகைக்கு ரிக்கார்டோ வைக்கும் பெயர் குத்தகை. ஆக, குத்தகை கூடியதால் விலை ஏறவில்லை. விலை ஏறியதால்தான் குத்தகை பிறந்தது.”

முன்பு செய்த சோதனையை இதற்கும் செய்யலாம். கூடிய தேவை, தரம் குறைந்த நிலம், இந்த அதிகச் செலவு, ஏறிய விலை, மிஞ்சிய தொகை, நிலக்காரருக்குப் போகும் தொகை: ஒவ்வொரு தலையும் முந்தைய வாக்கியத்தின் வால். பிராக் மரபைச் சேர்ந்த ஃபிரான்டிசெக் டானெஷ் 1970-களில் இந்த மாதிரியை மற்ற மாதிரிகளிலிருந்து பிரித்துக் காட்டினார். பழையதும் புதியதும் சங்கிலியாகக் கோக்கப்படுவது ஒன்று. ஒரே விஷயம் வாக்கியத்துக்கு வாக்கியம் தலையில் நிற்க, அதைப் பற்றிப் புதிது புதிதாகச் சொல்லிக்கொண்டே போவது இன்னொன்று. ஒரு பெரிய தலைப்பை எடுத்துக்கொண்டு, அதன் கிளைகளை ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் வைப்பது மூன்றாவது. காரண காரியத்தை விளக்கும் பத்திக்குச் சங்கிலி பொருந்தும். ஒன்றை வரையறுக்கும் பத்திக்கு இரண்டாவது. “குத்தகை நிலக்காரரின் உழைப்புக்குக் கூலி அல்ல. அவர் கட்டிய கொட்டகைக்கும் வெட்டிய வடிகாலுக்கும் கிடைக்கும் ஆதாயமும் அது அல்ல. மண்ணின் இயல்பான வளத்தைப் பயன்படுத்துவதற்காகத் தரப்படும் தொகை மட்டுமே அது.” இங்கே குத்தகை இடம் பெயராமல் நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும்.

திருத்திய பத்தியில் மூன்று விஷயங்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். முதலாவது, ‘ஏறி நிற்கிறது’ என்று வினையாக முடிந்தது, அடுத்த வாக்கியத்தில் ‘ஏறிய விலை’ என்று பெயரெச்சமாகத் திரும்பி வருகிறது. ‘மிஞ்சுகிறது’, ‘மிஞ்சிய தொகை’யாகிறது. முடிந்த வினையை அப்படியே மடக்கி அடுத்த வாக்கியத்தின் முன்னால் ஒட்டிக்கொள்ளத் தமிழ் இடம் தருகிறது. “போனான். போனவன் அங்கே என்ன பார்த்தான் தெரியுமா?” என்று பேச்சில் நாள் முழுக்கச் செய்கிறோம். எழுத உட்கார்ந்ததும் இது பாமரமாகத் தெரிந்து, ‘விலை உயர்வின் விளைவாக’, ‘உபரியின் பகிர்வைப் பொறுத்தவரை’ என்று போய்விடுகிறோம்.

ஆனால் இதே பெயரெச்சம் காலை வாரியும் விடும். தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால்தான் வர முடியும். ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிவிட்டு அதன் விவரத்தைப் பின்னால் தொங்கவிடலாம். அதை மொழிபெயர்க்கும்போது விவரம் எல்லாம் முன்னால் வந்து குவியும். “மக்கள்தொகைப் பெருக்கத்தால் உயர்ந்த தானியத் தேவையை ஈடுகட்ட உழவுக்குக் கொண்டுவரப்பட்ட தரம் குறைந்த நிலத்தில்” என்று வாக்கியம் தொடங்கினால், எந்தப் பெயரைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே பத்துச் சொற்களை வாசகர் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். அத்தனையும் புதியவை. ‘ஏறிய விலை’யில் அடைமொழி பழையதை நினைவூட்டுகிறது, அதனால் கனக்கவில்லை. புதிய செய்தியை அடைமொழியில் ஏற்றினால் கனக்கும். அப்படிப்பட்ட பெயரெச்சத்தைக் கண்டால் அதை உடைத்துத் தனி வாக்கியமாக முன்னால் அனுப்பிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது விஷயம், கலைச்சொல் எங்கே வருகிறது என்பது. “குத்தகை என்பது…” என்று தொடங்குவது பாடப்புத்தகப் பழக்கம். தெரியாத பெயரை முதலில் நீட்டி, அது என்ன என்று பிறகு சொல்வது. திருத்திய பத்தியில் பொருள் முழுவதும் உருவான பிறகு, பத்தாவது வாக்கியத்தின் நுனியில் பெயர் வருகிறது. அதற்குள் வாசகர் கையில் ஒரு தொகை இருக்கிறது, அதற்குப் பெயர் மட்டும்தான் தேவை. கோட்பாட்டு எழுத்தின் பாதிச் சுமை, பெயர்களைப் பொருளுக்கு முன்னால் வைப்பதால் வருவது என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, குத்தகை கடைசி வரை குத்தகையாகவே இருக்கிறது. மோசமான பத்தியில் அது ‘வாரம்’ ஆகிவிட்டது. நில உரிமையாளர் ‘நிலக்கிழார்’ ஆகிவிட்டார். ஒரே சொல்லைத் திரும்பப் போட்டால் சலிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் கற்றதன் விளைவு. நண்பர் ஒருவர், நல்ல மொழிபெயர்ப்பாளர், என்னிடம் ஒருமுறை சண்டைக்கே வந்தார்: “என்ன சார், ஒரே பத்தியில அஞ்சு தடவை குத்தகையா? படிக்கிறவனுக்குக் கொட்டாவி வராது?” வராது. சொல் மாறினால் ஆளும் மாறிவிட்டார் என்றுதான் கோட்பாடு படிக்கிறவர் நினைப்பார். இந்த இடத்தில் அது உண்மையும்கூட. குத்தகை, விளைச்சல் எவ்வளவானாலும் பேசியபடி தருவது. வாரம், விளைச்சலில் பங்கு. நெல் விளையும் ஊரிலிருந்து வந்த வாசகர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வேறு ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

திருத்திய பத்தி பழையதைவிட நீளம். கூடுதலாக வந்த பகுதிகளில் பெரியது நான்காவது வாக்கியம்: செலவு திரும்பக் கிடைத்தால்தான் அந்த நிலத்தை யாராவது உழுவார்கள் என்பது. மோசமான பத்தியில் இது இல்லவே இல்லை. மட்டமான நிலத்தில் செலவு அதிகம் என்றது மூன்றாவது வாக்கியம். அந்தச் செலவுதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றது நான்காவது. ஏன் தீர்மானிக்கிறது? சராசரிச் செலவு ஏன் தீர்மானிக்கக் கூடாது? ரிக்கார்டோவின் கோட்பாட்டில் முழுப் பாரமும் தொங்குகிற கொக்கி இந்தக் கேள்விதான், அதைத்தான் பத்தி தாண்டிக் குதித்திருந்தது. தலையில் புதிய புதிய விஷயங்களை வைத்து எழுதும்போது இந்த இடைவெளி எழுதியவர் கண்ணுக்கே தெரியாது. ‘இந்த அதிகச் செலவு’ என்று தொடங்கி ‘விலை’ என்ற சொல்லைப் போய்த் தொட வேண்டும் என்று உட்கார்ந்தால், நடுவில் எதைச் சொல்வது என்ற சிக்கல் பேனாவை நிறுத்திவிடும். வரிசை மாற்றுவது நடையலங்காரம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. வாக்கியங்கள் ஒட்ட மறுத்தால் பல சமயம் வாதத்தில்தான் ஓட்டை.

ஓட்டையை மூடி மறைக்கும் பசைகளும் உண்டு. ‘ஆகவே’, ‘எனவே’, ‘இதனால்’. மோசமான பத்தியின் கடைசி வாக்கியத்தில் ‘இதனால்’ இருக்கிறது. எதனால்? போட்டியாலா, மிஞ்சும் தொகையாலா, மேலே சொன்ன ஐந்து வாக்கியங்களாலுமா? ‘இது’ என்று எழுத நேர்ந்தால் அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பார்க்கலாம்: இந்தச் செலவு, இந்தத் தொகை, இந்த ஏற்றம். எந்தப் பெயரும் பொருந்தவில்லை என்றால், அங்கே சொல்ல வந்தது எழுதுகிறவருக்கே இன்னும் திரளவில்லை.

சங்கிலி அறுபடாமல் இருந்தாலே பத்தி நன்றாகிவிடும் என்பதும் இல்லை. “குத்தகை நிலக்காரருக்குப் போகிறது. நிலக்காரர்களில் பலர் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள். நாடாளுமன்றம் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது. தேம்ஸ் நதியில் அந்தக் காலத்தில் படகுகள் அதிகம்.” ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதன் கையைப் பிடித்திருக்கிறது. நான்கும் சேர்ந்து எங்கேயும் போகவில்லை. தலைகளை வரிசையாக எழுதிப் பார்க்கும் சோதனை இங்கே இன்னொரு வகையில் உதவும். தேவை, நிலம், செலவு, விலை, தொகை ஆகியவை ஒரே குடும்பம். குத்தகை, நிலக்காரர், நாடாளுமன்றம், நதி ஆகியவை அல்ல.

நாடாளுமன்றத்தைச் சொன்னதால் ஒரு சிறு விலகல். ரிக்கார்டோ இதைப் பொழுதுபோகாமல் எழுதவில்லை. 1815-இல் பிரிட்டன் ஒரு தானியச் சட்டம் கொண்டுவந்தது. உள்நாட்டுக் கோதுமை விலை ஒரு குவார்ட்டருக்கு 80 ஷில்லிங்கை எட்டும் வரை வெளிநாட்டுக் கோதுமையைச் சந்தையில் விடக் கூடாது என்றது அந்தச் சட்டம். விலை ஏறினால் யாருக்கு லாபம் என்பதுதான் நாட்டின் சண்டை. குத்தகை அதிகம் என்பதால்தான் விலை அதிகம் என்று நம்பினால், நிலக்காரர்கள் மனது வைத்துக் குத்தகையைக் குறைத்தால் போதும் என்று தோன்றும். ரிக்கார்டோவின் சங்கிலி அதை உடைத்தது. குத்தகையைத் தள்ளுபடி செய்தாலும் மூட்டை 1,400-க்குத்தான் விற்கும். 400 ரூபாய் கைமாறும், அவ்வளவே. விலை இறங்க வேண்டுமானால் மட்டமான நிலத்தை உழ வேண்டிய தேவை போக வேண்டும், அதற்கு வெளித் தானியம் உள்ளே வர வேண்டும். சட்டம் நீங்கியது 1846-இல்.

புதியதை முன்னால் வைக்கவே கூடாதா என்றால், வைக்கலாம். மேலே “விலை ஏறியதால்தான் குத்தகை பிறந்தது” என்று முடித்த பிறகு, அடுத்த பத்தியை “மார்க்ஸ் இதை முழுதாக ஏற்கவில்லை” என்று தொடங்கினால், மார்க்ஸ் திடுதிப்பென்றுதான் வருகிறார். திருப்பம் அங்கே வேண்டும், அதனால் சரி. பத்தியின் நடுவிலும் ஒன்றிரண்டு முறை செய்யலாம், ‘தான்’ போட்டு அழுத்தினால் வாசகர் தயாராகிவிடுவார். வாக்கியத்துக்கு வாக்கியம் திருப்பம் வைத்தால் அது திருப்பம் அல்ல.

நன்னூல், சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடரும் விதத்துக்கு நான்கு உவமை சொல்கிறது. ஆற்றொழுக்கும் தவளைப் பாய்ச்சலும் அவற்றில் இரண்டு. தவளை பாய்வதையும் பவணந்தி ஒரு முறையாகத்தான் சேர்த்திருக்கிறார், குற்றமாக அல்ல. சூத்திரம் ஆசிரியர் விளக்கச் சொல்லிக் கேட்பதற்கானது. இடையில் விட்டுப்போனதை நிரப்ப உரையாசிரியர் இருந்தார். பத்திரிகையில் வரும் பத்திக்கு உரையாசிரியர் கிடையாது.

‘பழசு’ என்று இதுவரை சொன்னதெல்லாம் யாருக்குப் பழசு என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. திருத்திய பத்தியை ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம் கொடுத்தால், முதல் நான்கு வாக்கியங்களையும் கண்ணால் தடவிவிட்டுப் போவார். அவருக்கு அவை எல்லாமே பழசு. பொருளாதாரம் படித்தவர்களுக்கான ஆய்விதழில் அந்தப் பத்தி “விளிம்பு நிலத்தின் செலவு விலையை நிர்ணயிப்பதால், அதைவிட வளமான நிலங்களில் ஒரு தொகை மிஞ்சுகிறது” என்றே தொடங்கலாம், தொடங்க வேண்டும். அங்கே ‘விளிம்பு நிலம்’ தலையில் இருக்கலாம், அந்த வாசகர்களுக்கு அது ராஜாவைப் போலத் தெரிந்த ஆள். ஆய்விதழுக்கு எழுதியதை அப்படியே எடுத்து வார இதழுக்குக் கொடுக்கும்போது, கடினமான சொற்களை மட்டும் எளிதாக்கிவிட்டு வரிசையைத் தொடாமல் விடுகிறார்கள். விளிம்பு நிலம் ‘கடைசியாக உழவுக்கு வந்த நிலம்’ ஆகிவிடும். ஆனால் அது நிற்பது பழைய இடத்திலேயே, வாக்கியத்தின் தலையில்.